பில் போட்டது யார்?
கடை ஆட்களுக்கு யூசர் பெயர் அமைக்கும் முறை

அன்னூர் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த மளிகைக் கடை ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லி விடுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். சந்தை நாள் இரவு கல்லாவை எண்ணியபோது கம்ப்யூட்டர் கணக்குக்கும் கையிருப்புக்கும் இடையில் 1,840 ரூபாய் இடித்தது. பார்த்தால், மாலையில் போட்ட ஒரு பில் ரத்து செய்யப்பட்டு, கொஞ்ச நேரம் கழித்து வேறு தொகைக்கு மறு பில் போடப்பட்டிருந்தது. யார் ரத்து செய்தது என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் அது சொன்ன ஒரே பதில்: admin. அந்தக் கடையில் முதலாளி, மச்சான், குமாஸ்தா, இரண்டு பையன்கள் என ஐந்து பேரும் அந்த ஒரே பெயரில்தான் உள்ளே போவார்கள்.

அன்று கல்லாவில் அதிக நேரம் உட்கார்ந்திருந்த பையன் மேல் சந்தேகம் விழுந்தது. "அண்ணா, சத்தியமா நான் அந்தப் பில்லத் தொடவே இல்லீங்க" என்று அவன் அழுத குரலில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் முதல் அவன் வேலைக்கு வரவில்லை. நான்கு நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பிய மச்சான், "அதுங்களா, எண்ணெய் டின் ஒழுகுதுன்னு ஒருத்தர் திருப்பிக் கொண்டாந்தாரு, நான்தான் பில்லை மாத்திப் பணத்தக் கொடுத்தேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். பணத்துக்குக் கணக்குக் கிடைத்து விட்டது. ஆறு வருஷம் நம்பிக்கையாக இருந்த ஆள் கிடைக்கவில்லை.

ஆளுக்கு ஒரு யூசர் பெயர் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. இன்று விற்பனையில் உள்ள பில் போடும் புரோகிராம்களில் பெரும்பாலானவை, எந்தப் பில்லை எந்த யூசர் எப்போது போட்டார், எப்போது திருத்தினார் என்று குறித்து வைக்கின்றன. கம்பெனிகளாகப் பதிவு செய்தவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இப்படித் திருத்தங்களைப் பதியும் கணக்குப் புரோகிராம்தான் இருக்க வேண்டும் என்று சட்ட விதியே வந்து விட்டது. தனி வியாபாரிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வசதி உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைவதால்தான் அது பயனற்றுக் கிடக்கிறது.

பெயர் வைப்பதற்கு வழக்கமான ஒரு முறை உண்டு. ஆளின் பெயர், குடும்பப் பெயரின் முதல் எழுத்து, பிறந்த வருஷம் ஆகிய மூன்றையும் ஒட்டுவது. இதை ஒவ்வொருவருக்கும் யோசித்து யோசித்துத் தட்ட வேண்டாம். எக்செல் பட்டியலில் ஒரு பார்முலா போட்டால் அதுவே செய்து விடும். ஆனால் இந்த முறை வெளிநாட்டுப் பெயர்களுக்காக ஏற்பட்டது. நமது பெயர்களுக்கு அப்படியே போட்டால் சில இடங்களில் தடுக்கும். அதைப் புரிந்து கொண்டு செய்வோம்.

நமக்குக் குடும்பப் பெயர் எது?

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுகிறோம். கம்ப்யூட்டரோ பெயருக்குப் பின்னால் ஒன்றை எதிர்பார்க்கிறது. இந்த இழுபறியின் தடயம் உங்கள் கடை போர்டிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 33 என்பது தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்துகள் உங்கள் பான் எண். ஆறாவது எழுத்து P என்றிருந்தால் தனி நபர். F என்றிருந்தால் பங்குதாரர் நிறுவனம். தனி நபராக இருந்தால் ஏழாவது எழுத்துதான், வருமான வரித் துறை உங்கள் குடும்பப் பெயராக எடுத்துக் கொண்ட பெயரின் முதல் எழுத்து.

கந்தசாமி மகன் முருகேசன் என்பவர் பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதியிருந்தால் அந்த இடத்தில் K இருக்கும். தன் பெயரையே அங்கே எழுதியிருந்தால் M இருக்கும். ஒரே மனிதர், இரண்டு விதம். அந்தக் கட்டத்தில் வெறும் இனிஷியலை ஏற்பதில்லை என்பதால் எழுதியவர் எதையாவது விரித்து எழுதியாக வேண்டியிருந்தது. அந்த முடிவு இன்றும் போர்டில் நிற்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது ஒன்று. "K.முருகேசன்" என்று ஒரே கட்டத்தில் எழுதி, பிறகு அதைப் பார்முலாவால் வெட்டிப் பிரிக்கப் பார்க்காதீர்கள். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் "முருகேசன்.K" என்று பின்னால் போடுவார், இன்னொருவருக்கு இரண்டு இனிஷியல் இருக்கும். எந்தப் பார்முலாவும் எல்லாவற்றுக்கும் சரியாக வராது. ஆரம்பத்திலேயே ஆளின் பெயருக்கு ஒரு பத்தி, தந்தை பெயருக்கு ஒரு பத்தி என இரண்டாகக் கேட்டு எழுதிக் கொள்வதே சிக்கலில்லாத வழி.

பட்டியலை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். பல புரோகிராம்கள் யூசர் பெயரில் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, கோவிந்தசாமி என்பதன் முதல் எழுத்தைக் கேட்டால் எக்செல் "கோ" தராது. துணைக்காலை விட்டு விட்டு வெறும் "க" தரும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதார் அட்டையில் உள்ள எழுத்தையே பின்பற்றுங்கள். பழனிசாமியை நம் பக்கத்தில் Palanisamy, Palaniswamy, Palanichamy என்று மூன்று விதமாக எழுதுகிறோம். அட்டையில் எது இருக்கிறதோ அதுவே பட்டியலில் இருந்தால் பிறகு தேடும்போது சிரமம் இராது.

பட்டியலும் பார்முலாவும்

நான்கு ஆட்கள் உள்ள கடை என்று வைத்துக் கொள்வோம். பெயர்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

```
   A              B           C
1  Name           Father      Year
2  Murugesan      Kandasamy   1988
3  Senthil Kumar  Palanisamy  1995
4  Kavitha        Rangasamy   2001
5  Murugesan      Kuppusamy   1988
```

இப்போது D2 என்ற கட்டத்தில் இந்தப் பார்முலாவைத் தட்டுங்கள்.

```
=LOWER(SUBSTITUTE(A2," ","")&LEFT(TRIM(B2),1)&C2)
```

பார்ப்பதற்கு நீளமாக இருந்தாலும் இதில் நடப்பது மூன்று சின்ன வேலைகள்தான். SUBSTITUTE என்பது பெயரின் நடுவில் உள்ள இடைவெளியை எடுத்து விடுகிறது. அதனால் Senthil Kumar ஒரே சொல்லாகிறது. LEFT என்பது தந்தை பெயரின் இடது ஓரத்திலிருந்து ஓர் எழுத்தை மட்டும் எடுக்கிறது. அதற்குள் இருக்கும் TRIM, தட்டும்போது தவறி முன்னால் விழுந்த இடைவெளியை நீக்குகிறது. அது இல்லாவிட்டால் சில சமயம் எழுத்துக்குப் பதில் வெற்றிடமே முதல் எழுத்தாக வந்து விடும். & என்ற குறி துண்டுகளை ஒட்டுகிறது. கடைசியில் LOWER எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குகிறது.

D2 கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்றவர்களுக்கும் வந்து விடும்.

```
murugesank1988
senthilkumarp1995
kavithar2001
murugesank1988
```

இதே பார்முலா எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட் மூன்றிலும் வேலை செய்யும். தந்தை பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும் பார்முலா தடுமாறாது. அந்த எழுத்தை மட்டும் விட்டு விடும். வட மாநிலத்திலிருந்து வந்து நம் கடைகளில் வேலை செய்பவர்களில் அட்டையில் இரண்டாவது சொல்லாகக் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு, B பத்தியில் அதையே எழுதிக் கொள்ளலாம்.

வருஷத்தில் வரும் இரண்டு பிசகுகள்

C பத்தியில் வருஷத்தை மட்டும் எழுதினால் மேற்படி பார்முலா சரி. ஆனால் பலர் முழுப் பிறந்த தேதியையும் தட்டி விடுவார்கள். 15-06-1988 என்று தட்டினால், திரையில் தேதியாகத் தெரிந்தாலும் எக்செல் அதை உள்ளே 32309 என்ற எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று எனக் கொண்டு எண்ணும் நாள் கணக்கு அது. ஆகவே யூசர் பெயர் murugesank32309 என்று வந்து நிற்கும். வருஷத்துக்குப் பதில் ஐந்து இலக்க எண் வந்தால் காரணம் இதுவே என்று அறிந்து கொள்ளுங்கள். அப்போது C2 என்பதற்குப் பதில் YEAR(C2) என்று போட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிசகும் உண்டு. பத்தியில் வருஷம் மட்டும் இருக்கும்போது YEAR(C2) போட்டால், எக்செல் 1988 என்பதை 1988-ஆவது நாள் என்று எடுத்துக் கொள்ளும். அது 1905-ஆம் வருஷத்தில் விழுகிறது. 1995-க்கும் 2001-க்கும் இதே கதிதான். கடையில் எல்லோரும் 1905-இல் பிறந்தவர்களாகி விட்டால், YEAR தேவையில்லாத இடத்தில் போட்டு விட்டீர்கள் என்று பொருள்.

நாம் வழக்கமாகப் புள்ளி வைத்து 15.06.1988 என்று எழுதுகிறோம் அல்லவா? பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகவே வைத்துக் கொள்ளும். YEAR போட்டால் #VALUE! என்று வரும். கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: தேதியாக ஏற்றுக் கொண்டது கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும்; எழுத்தாக வைத்துக் கொண்டது இடது பக்கம் ஒட்டி நிற்கும். இரண்டும் கலந்து கிடந்தால் பார்முலாவோடு மல்லுக்கட்டுவதை விட, பத்தியை அழித்து விட்டு வருஷத்தை மட்டும் மறுபடி தட்டுவது சீக்கிரம் முடியும்.

இரண்டு முருகேசன்கள்

மேலே உள்ள பட்டியலில் முதல் ஆளுக்கும் நான்காம் ஆளுக்கும் ஒரே யூசர் பெயர் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கந்தசாமி மகனும் குப்புசாமி மகனும் தமிழில் எழுதினால் க.முருகேசன், கு.முருகேசன் என்று தனித்தனியாகத் தெரிவார்கள். ஆங்கிலத்தில் இருவருக்கும் K தான். நம் பக்கத்தில் பாட்டன் பெயரையும் சாமி பெயரையும் பேரன்களுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால், ஒரே கடையில் ஒரே பெயர் இரண்டு வருவது அதிசயமில்லை.

இதற்கு E2 கட்டத்தில் இரண்டாவது பார்முலா ஒன்று போட வேண்டும்.

```
=D2&IF(COUNTIF(D$2:D2,D2)>1,CHAR(96+COUNTIF(D$2:D2,D2)),"")
```

COUNTIF என்பது, பட்டியலின் மேலிருந்து இந்த வரி வரை இதே பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுகிறது. முதல் முறை என்றால் பெயரை அப்படியே விடுகிறது. இரண்டாம் முறை என்றால் பின்னால் b சேர்க்கிறது; மூன்றாம் முறை என்றால் c. ஆக, குப்புசாமி மகன் முருகேசனுக்கு murugesank1988b என்று வரும். எண்ணுக்குப் பதில் எழுத்தைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 2 என்று சேர்த்தால் murugesank19882 என்றாகி, வருஷம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

இங்கேதான் மிக முக்கியமான எச்சரிக்கை. இந்த b, ஆளைப் பார்த்து வரவில்லை. வரிசையைப் பார்த்து வருகிறது. கந்தசாமி மகன் வேலையை விட்டுப் போய், நீங்கள் அவர் வரியை அழித்து விட்டால், மற்ற முருகேசன் மேலேறி murugesank1988 ஆகி விடுவார். பழைய முருகேசன் போட்ட பில்களெல்லாம் அந்தப் பெயரில் ஏற்கெனவே கணக்கில் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து யாராவது பார்த்தால், ஒருவர் செய்தது மற்றவர் தலையில் விழும். எதைத் தவிர்க்க இந்த ஏற்பாட்டைச் செய்தோமோ, அதுவே நடந்து விடும்.

ஆகவே பெயர்கள் வந்தவுடன் E பத்தி முழுவதையும் காப்பி செய்து, Paste Special சென்று Values என்பதைத் தேர்ந்தெடுத்து அதே இடத்தில் ஒட்டி விடுங்கள். பார்முலா போய், எழுத்து மட்டும் நிற்கும். அதன் பிறகு பட்டியலை எப்படி மாற்றினாலும் பெயர் மாறாது. ஆள் விலகினால் பில் புரோகிராமில் அவர் பெயரை நிறுத்தி வையுங்கள். அழிக்க வேண்டாம், அடுத்து வருபவருக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.

சில புரோகிராம்கள் யூசர் பெயருக்கு நீள வரம்பு வைத்திருக்கும். senthilkumarp1995 என்பதில் 17 எழுத்துகள் உள்ளன. வரம்பு 15 என்றிருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டத் தோன்றும். அப்படிச் செய்தால் ஆளைப் பிரித்துக் காட்டும் பகுதியே போய் விடும். பெயரைத்தான் சுருக்க வேண்டும். முதல் பார்முலாவில் SUBSTITUTE பகுதியை LEFT(SUBSTITUTE(A2," ",""),8) என்று மாற்றினால், பெயரில் எட்டு எழுத்து மட்டும் எடுத்து senthilkp1995 என்று தரும்.

பிறந்த வருஷம் தேவைதானா?

கடைசியாக, இந்த முறையிலேயே உள்ள ஒரு குறையைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுக்கும் இ-ஆதார் கோப்பைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது, அட்டையில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். Murugesan K என்று அட்டை உள்ளவருக்கு MURU1988. பெயருக்கு முன்னால் இனிஷியல் உள்ளவருக்கு அந்த எழுத்தும் புள்ளியும் சேர்ந்து K.MU1988.

இப்போது நம் யூசர் பெயரைப் பாருங்கள்: murugesank1988. இதைப் படித்தவருக்கு மேற்படி பாஸ்வேர்டும் தெரிந்த மாதிரிதான். பல கடைகளில் பில்லின் அடியில் யூசர் பெயர் அச்சாகிறது. அது வாடிக்கையாளர் கையோடு போகிறது. அதே கம்ப்யூட்டரில் ஆட்களின் இ-ஆதார் கோப்புகளையும் போட்டு வைத்திருப்போம். யூசர் பெயர் என்பது பலர் கண்ணில் படும் பெயர். பூட்டுச் சாவி அல்ல. அதில் இன்னொரு பூட்டின் சாவியை எழுதித் தொங்க விடக் கூடாது.

எனவே யூசர் பெயர் பில்லில் அச்சாகும் கடைகளில், C பத்தியில் பிறந்த வருஷத்துக்குப் பதிலாக வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைப் போடும்படி சொல்வேன். பார்முலாவில் ஓர் எழுத்துக் கூட மாற்ற வேண்டாம். 2019-இல் சேர்ந்த முருகேசன் murugesank2019 ஆவார். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வயதானவர்கள் சிலருக்கு அட்டையில் ஒரு வருஷம், பள்ளிச் சான்றிதழில் ஒரு வருஷம், வீட்டில் சொல்வது ஒரு வருஷம் என்றிருக்கும். சேர்ந்த வருஷம் உங்கள் சம்பளக் கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. அதில் சண்டை வராது.

பாஸ்வேர்டை எந்தப் பார்முலாவிலும் உண்டாக்காதீர்கள். அதை ஆளே, உங்களுக்கும் தெரியாமல், தானே தட்டி வைத்துக் கொள்ளட்டும். admin என்ற பெயரின் பாஸ்வேர்டை மாற்றி முதலாளி மட்டும் வைத்துக் கொள்ள வேண்டும். மச்சானுக்கும் தனிப் பெயர் கொடுத்து விடுங்கள். மனத்தாங்கல் வருமே என்று தயங்க வேண்டாம். அன்றைக்கு அந்தக் கடையில் மச்சான் பெயர் தனியாக இருந்திருந்தால், பில்லை மாற்றியது அவர் என்று இரவே தெரிந்திருக்கும். மறுநாள் காலையில் அந்தப் பையன் வந்து வழக்கம் போல் ஷட்டரைத் தூக்கியிருப்பான்.